வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

இடது கை சமமாக இரண்டு தட்டு தட்டும் நேரத்துக்குள் வலது கை சமமாக மூன்று தட்டு தட்ட வேண்டும். கீபோர்டும் பியானோவும் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, திரும்பத் திரும்ப வரும் கோளாறு இதில்தான். தனித்தனியாக வாசித்தால் இரண்டு கையும் சரியாக இருக்கும். சேர்த்ததும் ஏதோ ஒன்று நொண்டும். எது நொண்டுகிறது என்று வாசிப்பவருக்கே தெரியாது, "வரலை சார்" என்பார். அப்படி ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சரிசெய்ததில், நொண்டுவது நாலைந்து வகைதான் என்று தெரிந்தது. கேட்கிற அறிகுறியை வைத்து வகையைக் கண்டுபிடித்துவிட்டால் மருந்து தானாகத் தெரியும். உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன் இந்த ஒரு படத்தை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

```
கட்டம்    1   2   3   4   5   6
வலது      ●   .   ●   .   ●   .
இடது      ●   .   .   ●   .   .
சொல்      வா      ம   க   ளே
```

ஒரு சுற்றை ஆறு சம கட்டமாகப் பிரித்திருக்கிறேன். வலது கை இரண்டு கட்டத்துக்கு ஒரு தரம், இடது கை மூன்று கட்டத்துக்கு ஒரு தரம். கொன்னக்கோல் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது: இடது கை "தகிட தகிட" என்பதன் ஒவ்வொரு 'த'விலும், வலது கை "தக தக தக" என்பதன் ஒவ்வொரு 'த'விலும் விழுகிறது. இரண்டுமே ஆறு எழுத்து.

கீழே இருக்கும் சொல் நான் வகுப்பில் பயன்படுத்துவது. "வா மகளே." நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று என்ற நம் பள்ளிக்கூடக் கணக்கு இங்கே அப்படியே பொருந்துகிறது: வா இரண்டு, ம ஒன்று, க ஒன்று, ளே இரண்டு. மொத்தம் ஆறு. 'வா'வில் இரு கையும் சேரும். 'ம' வலது, 'க' இடது, 'ளே' வலது. இடைவெளி விடாமல் "வா மகளே வா மகளே" என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிப் பாருங்கள். உங்கள் பாட்டில் மூன்று இடது கையில் இருந்தால், கீழே வலது என்று சொல்வதையெல்லாம் இடது என்று மாற்றிப் படியுங்கள்.

இன்னொன்று, காதை நம்பாதீர்கள். வாசிக்கும்போது மூளை தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். போனில் பதிவு செய்து, பிறகு கேளுங்கள். கணினியில் Audacity இருந்தால் அலைவடிவத்தில் தட்டுகளின் நேரத்தைப் படித்தே விடலாம். இடது கையை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்தால் ஒரு சுற்று 2 நொடி. இடது 0, 1.0 நொடியிலும், வலது 0, 0.67, 1.33 நொடியிலும் விழ வேண்டும். கீழே சொல்லும் எல்லா அளவும் இந்த வேகத்துக்குத்தான். வேறு வேகம் என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

## அறிகுறி 1: ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் கைகள் சேர்ந்து விழுகின்றன

இதுதான் முதலில் பார்க்க வேண்டிய சோதனை. சரியான வாசிப்பில் சுற்றுக்கு ஒரே ஒரு இடத்தில்தான் இரு கையும் சேரும். பதிவைக் கேட்டு எண்ணுங்கள். இரண்டாவதாக ஓர் இடத்திலும் சேர்ந்தால், ஒரு கை மற்றதன் பின்னால் போய்விட்டது. எந்தக் கை போயிற்று என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

### இடது கை வலது கையின் பின்னால் போனால்

வலது மூன்றும் ஒழுங்காகச் சமமாக இருக்கும். இடது கையின் இரண்டாம் தட்டு மட்டும் வலது கையின் மூன்றாவதோடு சேர்ந்து, 1.0-க்குப் பதில் 1.33-இல் விழும். அதாவது இடது கை "நீளம்–குட்டை, நீளம்–குட்டை" என்று ஊஞ்சலாடும். சிலருக்கு வலது கையின் இரண்டாவதோடு, 0.67-இல் விழும், ஆனால் அது குறைவு.

எளிய காரணம், சொல் இல்லாமல் வாசிப்பது. 'க' என்ற எழுத்து இடது கைக்கு மட்டுமே சொந்தம். அதைச் சத்தமாகச் சொன்னாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். பதினைந்து சுற்று கீபோர்டைத் தொடாமல் தொடையில் தட்டுங்கள். 'க' சொல்லும்போது வலது உள்ளங்கை காற்றில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நின்றால் சரி.

அதற்கும் மசியவில்லை என்றால், வலது கையை உதைக்கிற சத்தத்தில் வாசிக்கிறீர்கள், இடது கை அந்தச் சத்தத்தில் ஒளிந்துகொள்கிறது. இடதை உரக்க, வலதை விரல் சாவியைத் தொட்டும் தொடாமலும் வாசியுங்கள். எட்டு சுற்று. பிறகு மாற்றி எட்டு சுற்று.

### வலது கை இடது கையின் பின்னால் போனால்

இங்கே இடது இரண்டும் கடிகாரம் போல இருக்கும். வலது மூன்றில் ஒன்று இடது கையின் இரண்டாம் தட்டோடு, 1.0-இல் சேர்ந்து விழும். வலது கை 0, 1.0, 1.5 என்று "தா—தக" ஆகும். அல்லது 0, 0.5, 1.0 என்று "தக தா—" ஆகும். குதிரை ஓட்டம் மாதிரிக் கேட்கும். மூன்று ஸ்வரம் வந்துவிடுகிறது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, அதனால் வாசிப்பவருக்குத் தப்பே தெரியாது.

காரணம், வலது கைக்கு மூன்று சமபங்கு என்பது இன்னும் கைவரவில்லை. இரண்டாகவும் நாலாகவும் பிரித்துத்தான் அதற்குப் பழக்கம். இடது கையை முழுவதும் விட்டுவிடுங்கள். மெட்ரோனோமை 30-இல் வைத்து, ஒரு சொடுக்குக்கு "தகிட" என்று வலது கை மட்டும். ஒரு நிமிடம் போதும். பிறகு மெட்ரோனோமை 90-க்கு மாற்றி, சொடுக்குக்கு ஒரு ஸ்வரம். கையின் வேகம் மாறவே கூடாது. இரண்டும் ஒரே வேகம்தான், மெட்ரோனோம் சொல்லும் இடம்தான் வேறு. 90-க்கு மாற்றியதும் கை தடுமாறினால், 30-இல் வாசித்த மூன்றும் சமமாக இல்லை என்று அர்த்தம். கோளாறு ஒரே கையில் இருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் இரண்டு கையையும் சேர்ப்பதில் பயனில்லை.

சில மெட்ரோனோம்கள் 40-க்குக் கீழே போகாது. அப்படியானால் 40-உம் 120-உமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மடங்கு என்பதுதான் முக்கியம்.

## அறிகுறி 2: ஒரே இடத்தில்தான் சேர்கிறது, ஆனாலும் ஏதோ நெருடுகிறது

இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொண்டு வெளியே வராமல் இருக்கிறார்கள். மேலே சொன்ன சோதனையில் தேறிவிடுகிறார்கள், வலது மூன்று, இடது இரண்டு, சேர்வது ஒரு தரம். கேட்பவர்களுக்கும் நன்றாகவே இருக்கிறது, சொல்லப்போனால் கொஞ்சம் ஆட்டம் போட வைக்கிறது. ஆனால் அது மூன்றுக்கு இரண்டு இல்லை.

சோதனை இது. 'ம', 'க', 'ளே' மூன்றும் சம இடைவெளியில் வருகின்றனவா? வலது–இடது–வலது என்று வரும் அந்த மூன்று தட்டும் படிக்கட்டு மாதிரி ஒரே உயரமாக இருக்க வேண்டும். நேரத்தில் சொன்னால் 0.67, 1.0, 1.33, இடைவெளி இரண்டுமே 0.33 நொடி. மாறாக 'ம'வும் 'க'வும் ஒட்டிக்கொண்டு, 'ளே' தள்ளிப்போய், அடுத்த 'வா'வோடு நெருக்கமாக வந்தால், பதிவில் பெரும்பாலும் இதைப் பார்ப்பீர்கள்: வலது 0, 0.75, 1.5. இடது 0, 1.0.

இப்போது அந்த 0.75, 0.75, 0.5 என்ற இடைவெளிகளைப் பாருங்கள். மூன்று கால், மூன்று கால், இரண்டு கால். எட்டுக் கட்டத்தை 3+3+2 என்று பிரித்திருக்கிறீர்கள். "தகிட தகிட தக." நமக்கு நாக்கில் ஊறிய சொல்கட்டு, அதனால்தான் கை அங்கே போய் விழுகிறது. கியூப இசையில் இதே 3+3+2-க்கு டிரெசியோ என்று பெயர். ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'மும்மை', அதாவது மூன்று சமபங்கு ஸ்வரம், என்றே பொருள். 3+3+2-ஐயும் மூன்று சமபங்கையும் குழப்பிக்கொள்வது நம்மோடு தொடங்கவில்லை.

### அப்படியானால் வித்தியாசம் என்ன

3+3+2 என்பது சின்கோபேஷன். அங்கே தாளம் ஒன்றுதான். அதை இரண்டாக, நாலாக, எட்டாக வெட்டிக்கொண்டே போய், அழுத்தத்தை எதிர்பாராத வெட்டில் வைக்கிறோம். வலது கை எங்கே விழுந்தாலும் அது இடது கையின் பின்னம்தான். முக்காலில் விழுகிறது, ஒன்றரையில் விழுகிறது, ஆனால் இடது கையின் கால் கணக்கை விட்டு வெளியே போவதே இல்லை. கர்நாடக சங்கீதத்தில் சமத்திலிருந்து அரை இடம் தள்ளிப் பல்லவியை எடுப்பது போலத்தான். எடுப்பு தள்ளிப்போனாலும் தாளம் அதேதான்.

மூன்றுக்கு இரண்டு என்பது பாலிரிதம். வலது கை 0.67-இல் விழும்போது அது இடது கையின் அரையும் இல்லை, காலும் இல்லை, முக்காலும் இல்லை. இடது கையை எத்தனை தரம் பாதியாக வெட்டினாலும் அந்த இடம் கிடைக்காது. வலது கைக்குத் தனியாக ஒரு வேகம் இருக்கிறது. இடது 60 என்றால் வலது 90. இரண்டும் உண்மையான வேகம், சுற்றின் தொடக்கத்தில் சந்தித்துவிட்டு அவரவர் வழியில் போகின்றன.

இதைக் கையால் சோதிக்க மெட்ரோனோமே போதும். இடது கைக்கு 40 வையுங்கள். சொடுக்கு இடது கையோடு வரட்டும், நாலைந்து சுற்று வாசியுங்கள். பிறகு நிறுத்தி, 60-க்கு மாற்றி, இப்போது சொடுக்கு வலது கையோடு வரும்படி அதே வேகத்தில் வாசியுங்கள். வலது கையின் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் சொடுக்கு ஒட்டிக்கொண்டால் நீங்கள் வாசிப்பது பாலிரிதம். 3+3+2 வாசிப்பவர்களால் இரண்டாவது பாதியைச் செய்யவே முடியாது. எந்த எண்ணில் வைத்தாலும் சொடுக்கு மூன்றில் ஒன்றிலாவது வழுக்கிவிடும், ஏனென்றால் அவர்களுடைய வலது கைக்கு என்று ஒரு வேகமே கிடையாது.

"சமமாக இருந்தால் பாலிரிதம், இல்லாவிட்டால் சின்கோபேஷன்" என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் உண்டு. அது தப்பு. இடது கை தட்டுக்கு நடுவே வலது கை விடாமல் எதிர்த்தட்டு வாசித்தால் அதுவும் சமமாகத்தான் இருக்கும், அதற்கும் சொடுக்கு வைக்கலாம். ஆனால் இடது 40 என்றால் வலதும் 40. ஒரே வேகம், அரை அடி தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். எதிர்த்தட்டு சின்கோபேஷன்தான். பார்க்க வேண்டியது இரண்டு வெவ்வேறு வேகம் இருக்கிறதா என்பதை.

### சரிசெய்யும் வழி

நீங்கள் எட்டாகப் பிரித்திருக்கிறீர்கள், ஆறாகப் பிரிக்க வேண்டும். எனவே கட்டத்தைச் சத்தமாகக் கேட்கச் செய்வதுதான் மருந்து. மெட்ரோனோமை 120-இல் வைத்து ஒவ்வொரு சொடுக்கையும் ஒரு கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். இடது மூன்று சொடுக்குக்கு ஒன்று, வலது இரண்டு சொடுக்குக்கு ஒன்று. இடது 40, வலது 60 என்று தானாக அமையும். சலிப்பாக இருக்கும், ஆனால் எட்டாவது கட்டத்துக்கு இங்கே இடமே இல்லாததால் 3+3+2 நுழைய முடியாது.

இரண்டு நிமிடம் கழித்து, வாசித்துக்கொண்டே மெட்ரோனோமின் ஒலியை மட்டும் அடக்கி, எட்டு சுற்று போய், மறுபடி கூட்டுங்கள். திரும்பக் கேட்கும்போது 'ளே' சொடுக்கோடு ஒட்டியிருக்க வேண்டும். வேகம் கொஞ்சம் கூடிக் குறைந்திருந்தால் பரவாயில்லை. 'ளே' மட்டும் சொடுக்குக்குப் பின்னால் போயிருந்தால் பழைய பழக்கம் திரும்புகிறது, மறுபடி இரண்டு நிமிடம்.

எந்தப் பாட்டில் எது வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்வரத்தாளில் மூன்று ஸ்வரத்தின் மேல் 3 என்று எழுதி வளைகோடு போட்டிருந்தால் அது மூன்று சமபங்கு. புள்ளி வைத்த ஸ்வரங்களாக எழுதியிருந்தால் அது 3+3+2, அங்கே சமபங்கு வாசிப்பதும் அதே அளவு தப்பு. பாட்டைக் காதால் எடுப்பவர்கள் பதிவை அரை வேகத்தில் ஓட்டி, 'ம க ளே' சோதனையைச் செய்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி 3: மெதுவாகச் சரி, வேகம் கூட்டினால் உடைகிறது

எந்த வேகத்தில் உடைகிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இடது கை 80-ஐத் தாண்டும்போது. அங்கே ஆறு கட்டம் என்றால் நிமிடத்துக்கு 240. மனத்துக்குள் அத்தனை எண்ணிக்கொண்டு வாசிக்க முடியாது. எண்ணுவதை நிறுத்தாமல் இருப்பதுதான் காரணம்.

ஆறு கட்டம் கைகளுக்கு இடம் காட்டத்தான். அதிலேயே தங்கிவிட்டால் வேறு ஒரு கெடுதலும் உண்டு. நான்கு தட்டும் ஒரே கோடாக, ஒரே ஆள் வாசிப்பது போல "டம்—டடடம்—" என்று கேட்கும். கணக்குப்படி இம்மி பிசகியிருக்காது, ஆனால் இரண்டு குரல் கேட்காது. அப்படிக் கேட்கும் வரை அது ஆறு கட்டத்தில் போட்ட ஒரு சின்கோபேஷன் மாதிரித்தான் இருக்கிறது என்பேன்.

எனவே 60-இலேயே எண்ணுவதை நிறுத்தப் பழகுங்கள். "வா மகளே" என்று நாலு சுற்று சொல்லுங்கள், அடுத்த நாலு சுற்று 'வா' மட்டும் சொல்லுங்கள், அதற்கடுத்த நாலு சுற்றில் வாயை மூடிக்கொண்டு வலது கையின் மெட்டை மட்டும் கேளுங்கள். பிறகு கையை மாற்றாமல் காதை மட்டும் இடது கைக்குத் திருப்புங்கள். வலதைக் கேட்கும்போது அது நேரான "தகிட" ஆகவும், இடதைக் கேட்கும்போது அது நேரான "தக" ஆகவும் ஒலித்தால் வேகம் கூட்டலாம். ஒரு நாளைக்கு நாலு எண்ணுக்கு மேல் கூட்ட வேண்டாம்.

காதைத் திருப்பும் அந்த நொடியில் கை தடுக்கினால், வேகத்தைக் குறைக்காதீர்கள், சத்தத்தைக் குறையுங்கள். கேட்காத கையை மெல்ல ஆக்கினால் காது தானாகத் திரும்பும்.

'வா'வில் மட்டும் ஒவ்வொரு தரமும் இடி விழுகிறது என்றால், அது இரு கையும் சேர்வதால் வரும் சத்தம். 'ளே'வை வேண்டுமென்றே அழுத்தி இருபது சுற்று வாசித்தால் இடி அடங்கிவிடும்.

## அறிகுறி 4: மேசையில் வருகிறது, பாட்டில் வரவில்லை

முதலில் விரல்களைச் சந்தேகியுங்கள். இடது கை ஒரு எட்டு ஸ்வரம் தாவ வேண்டியிருந்தால், தாவலுக்காக 'க' தாமதமாகும். அது தாளக் கோளாறே இல்லை. பாட்டின் இடது கையை ஒரே சாவியில் வைத்து, வலதை எழுதியபடி வாசியுங்கள். சரியாகிவிட்டால் விரலமைப்பைத்தான் திருத்த வேண்டும்.

ஒரே சாவியிலும் உடைந்தால், உடைவது எந்தச் சுற்றில்? எப்போதும் முதல் சுற்றிலா? அப்படியென்றால் கோளாறு மூன்றுக்கு இரண்டில் இல்லை, அதற்குள் நுழையும் வாசலில் இருக்கிறது.

என்னிடம் வேலை முடிந்து மாலையில் வரும் மாணவி ஒருவர், டெபுசியின் முதல் அராபெஸ்க் வாசிக்க ஆசைப்பட்டார். 1891-இல் வெளியான பியானோ இசை அது. தொடக்கத்தில் சில பார்களுக்கு மும்மை ஸ்வரங்கள் ஒரு கையிலிருந்து மற்றதற்கு அலைபோலக் கைமாறிக்கொண்டே போகும். பிறகு மெட்டு தொடங்கும்போது வலது கை மும்மையிலேயே இறங்கி வர, இடது கை தட்டுக்கு இரண்டாக ஏறிப் போகும். தொடையில் அவர் மூன்றுக்கு இரண்டு தட்டினால் குறை சொல்ல முடியாது. பாட்டில் மெட்டு தொடங்கும் அந்த முதல் தட்டில் மட்டும் ஒவ்வொரு தரமும் சறுக்கும்.

தட்டுக்கு 40 என்ற மெதுவான வேகத்தில் பதிவு செய்தோம். அங்கே ஒரு சுற்று 1.5 நொடி. வலது 0, 0.5, 1.0-இலும், இடது 0, 0.75-இலும் வர வேண்டும். பதிவில் முதல் சுற்றில் இடது கையின் இரண்டாம் ஸ்வரம் 0.97-இல், கிட்டத்தட்ட வலது கையின் மூன்றாவதன் மேலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டாம் சுற்றில் 0.85. மூன்றாவதில் 0.76. மூன்று சுற்றில் தானாகச் சரியாகிவிடுகிறது, ஆனால் அதற்குள் மெட்டின் தொடக்கமே கெட்டுவிடுகிறது.

ஏன் என்பது பாட்டைப் பார்த்ததும் புரிந்தது. அதுவரை இடது கையும் மும்மைக்குள்தான் இருந்தது. வலது கை எதையும் மாற்றவில்லை. மாற வேண்டியது இடது கை ஒன்றுதான், அது மும்மையின் மூன்றாவது இடத்தை விட்டு வர மனமில்லாமல் நிற்கிறது. அவரோ மூன்று மாதமாக வலது கையையே பழகிக்கொண்டிருந்தார்.

செய்தது இவ்வளவுதான். முதலில் வலது கை ஒரே சாவியில் நிற்காமல் மும்மை வாசிக்க, இடது கை தொடையில் நாலு தட்டு "தகிட", நாலு தட்டு "தக". வலது கை அசையக் கூடாது. நாலு நாலாக வந்ததும் இரண்டிரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று. கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே வாயில் சதுச்ரத்திலிருந்து திச்ரத்துக்கு நடை மாற்றிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. தாளம் நிற்கும், உள்ளே இருக்கும் எண்ணிக்கை மட்டும் மாறும். அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆகவே ஐந்து நாள் பிடித்தது. பிறகு பாட்டில், மெட்டுக்கு முந்தைய பாரின் கடைசித் தட்டிலேயே இடது காலால் தரையில் இரண்டு தட்டச் சொன்னேன். இடது கை போய்ச் சேர வேண்டிய வேகம் காலில் முன்பே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த வாரப் பதிவில் முதல் சுற்று 0.77. காலை எடுத்த பிறகும் அப்படியே நின்றது.

உங்கள் பாட்டில் மாறுவது வலது கை என்றால், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது வேறு விதமாகக் கெடும். ஸ்வரத்தின் வேகத்தை மாற்றாமல் மூன்றாவதை ஒட்டவைப்பீர்கள், சுற்றே நீண்டுவிடும். மெட்ரோனோமோடு வாசித்தால் சொடுக்கு உங்களுக்கு முன்னால் வந்துவிடும். மருந்து அதே பயிற்சிதான், கைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 5: பதிவில் சரி, வாசிக்கும்போது தப்பாகக் கேட்கிறது

புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதில் ஒலி தாமதமாக வருகிறது. சாவியை அழுத்துவதற்கும் கேட்பதற்கும் நடுவே விழும் அந்த இடைவெளியே, வேகமான சுற்றில் ஒரு கட்டத்தின் அளவுக்கு வந்துவிடலாம். கம்பி ஹெட்போனிலோ கீபோர்டின் ஸ்பீக்கரிலோ கேட்டால் தெரிந்துவிடும். மெட்ரோனோம் போனிலும், கீபோர்டு ஒலி ஹெட்போனிலும் கேட்கிறவர்களுக்கு இது இன்னும் மோசம், இரண்டும் ஒருபோதும் ஒட்டாது. புதுக் கீபோர்டு வாங்க வேண்டுமோ என்று கேட்டு வந்த இரண்டு பேரை நூற்றுச் சொச்சம் ரூபாய் கம்பி ஹெட்போனோடு அனுப்பியிருக்கிறேன்.

## எப்போது ஆளைத் தேட வேண்டும்

தினமும் பத்து நிமிடம், பதிவோடு, மூன்று வாரம் செய்தும் 'ம க ளே' சமமாகவில்லை என்றால் ஓர் ஆசிரியரிடம் போங்கள். மாதக் கணக்கில் சேர வேண்டியதில்லை, இரண்டு வகுப்பு போதும். போகும்போது பதிவையும், எந்த அறிகுறி என்பதையும் எடுத்துப் போங்கள். பியானோ ஆசிரியர்தான் வேண்டும் என்றும் இல்லை. பக்கத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர் இருந்தால், நடை மாற்றத்தை அவரைவிட நன்றாக உங்கள் நாக்கில் ஏற்றிவிட ஆள் கிடைக்க மாட்டார்கள்.

ஒரு கை தனியாக, மெட்ரோனோமோடு, 60-இல் ஒரு தட்டுக்கு ஒன்று என்றுகூட நிற்கவில்லை என்றால் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள். அதற்கு மேலே இருக்கும் எதுவும் உதவாது.

வலி வேறு கணக்கு. எதிரெதிர் தாளம் பழகும்போது முன்கையை இறுக்கிக்கொள்வது எல்லோரும் செய்வது, நிறுத்தி உதறினால் போய்விடும். நிறுத்திய பிறகும் மணிக்கட்டு வலித்தாலோ, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தாலோ, இரவில் கை எரிச்சலாக இருந்தாலோ, அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். என்ன வாசித்தீர்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், உங்கள் இருக்கை சாவிகளுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று மூன்றையும் அவரிடம் சொல்லுங்கள்.